அத்தியாயம் 7: மூடிய வாய்க்குள் பற்களை வைப்பது

முந்தைய அத்தியாயத்தில் ஒருவருடைய சிரிப்பை இன்னொருவருடைய அசையாப் படத்துக்கு மாற்றும்போது கன்னமும் கண்ணோரமும் எப்படி நகர வேண்டும் என்று பார்த்தோம். வாய்க்கு வரும்போது அந்த முறை பாதியிலேயே நின்றுவிடுகிறது. கன்னத்துக்கு இலக்குப் படத்தில் பிக்சல்கள் இருக்கின்றன. அவற்றை நகர்த்தினால் போதும். மூடிய வாய்க்குள் இருக்கும் பல்லுக்கு ஒரு பிக்சல்கூட இல்லை. உதடுகளைப் பிரித்ததும் நடுவில் உண்டாகும் இடத்தில் மென்பொருள் தன்னிடம் உள்ளதை இழுத்து நிரப்பும். அதாவது உதட்டு நிறம் ரப்பர் போல நீண்டு, வாய்க்குள் ஒரு சிவப்புப் படலமாக நிற்கும். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் எல்லோரும் முதலில் பார்ப்பது இந்தப் படலத்தைத்தான்.

இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் பல வழிகளில் சமாளித்திருக்கிறார்கள். 2016இல் வந்த ஃபேஸ்2ஃபேஸ் ஆய்வில், இலக்கு நபரின் வீடியோவிலிருந்தே பொருத்தமான வாயுள்ள ஃபிரேமைத் தேடி எடுத்தார்கள். ஒபாமாவின் பேச்சைச் செயற்கையாக உருவாக்கிய 2017 ஆய்வில், பல் நன்றாகத் தெரியும் ஃபிரேமைப் பதிலியாக வைத்து அதன் நுண்விவரங்களை மற்ற ஃபிரேம்களில் சேர்த்தார்கள். இரண்டுக்குமே இலக்கு நபர் வாய் திறந்திருக்கும் வீடியோ தேவை. நம்மிடம் இருப்பது வாய் மூடிய ஒரே ஒரு புகைப்படம் என்றால், பல்லை வெளியிலிருந்து கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. அசையாப் படங்களை உயிர்ப்பிக்கும் 2017ஆம் ஆண்டின் இன்னொரு ஆய்வு, சிரிப்பைத் தரும் வீடியோவின் உள்வாயையே எடுத்து ஒட்டியது. இந்த அத்தியாயமும் அந்த வழியில்தான் போகிறது. ஆனால் பல்லின் அளவையும் இடத்தையும் அது எடுத்ததைவிட அதிகக் கவனத்தோடு பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு இப்படி ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். இறந்துபோன அண்ணனின் வண்ண ஸ்டுடியோ படம், ஸ்கேன் செய்தது, வாய் மூடியிருக்கிறது. அவர் மூன்று விநாடி சிரிப்பதாக வேண்டும் என்று குடும்பம் கேட்கிறது. சிரிப்பைத் தருபவர் அவருடைய தம்பி. கைப்பேசியில் நேர்முகமாகப் பார்த்துச் சிரித்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். தம்பியின் வீடியோவை மூலம் என்றும் அண்ணனின் படத்தை இலக்கு என்றும் அழைப்போம். மூல வீடியோவின் தொடக்கத்தில் தம்பி வாய் மூடி, முகத்தைத் தளர்வாக வைத்திருக்கும் சில ஃபிரேம்கள் கட்டாயம் வேண்டும். அந்த ஓய்வு நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே அண்ணனுக்கு மாற்றுகிறோம். தம்பியின் உதட்டு அளவை அப்படியே மாற்றினால் அண்ணன் முகம் தம்பி முகமாகிவிடும்.

அளவுகோல் கருவிழி

பல்லை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கண் எப்போதும் பெரிய பல்லையே கேட்கும், வெளியே பார்ப்பவருக்கு அது பொய்ப்பல் செட்டாகத் தெரியும். மனிதக் கருவிழியின் அகலம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை, சுமார் 11.7 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம். அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணனின் படத்தில் கருவிழி 24 பிக்சல் அகலம். 24ஐ 11.7ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 பிக்சல். தம்பியின் வீடியோவில் அது 39 பிக்சல். ஆகவே தம்பியின் பல்லை 24/39, அதாவது 0.615 மடங்காகச் சுருக்க வேண்டும். மேல்வரிசையின் நடு முன்பல் பொதுவாக எட்டரை மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டரையொட்டிய நீளமும் கொண்டது. இந்தப் படத்தில் அது 17 பிக்சல் அகலத்தில் வர வேண்டும். சுருக்கியபின் 21, 22 என்று வந்தால் எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இமை மறைத்த கருவிழியைக் குறுக்காக அளக்காமல் நெடுக்காக அளந்திருப்போம்.

பல் மண்டையோட்டுக்குச் சொந்தம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: மேல்பற்கள் உதட்டோடு நகர்வதில்லை. அவை மண்டையோட்டில் பதிந்தவை. சிரிக்கும்போது உதடு திரைச்சீலை போல மேலேறுகிறது, அதன் பின்னால் ஏற்கெனவே இருந்த பல் தெரிகிறது, அவ்வளவுதான். கீழ்ப்பற்கள் தாடையோடு நகரும்; தாடை இறங்காத புன்னகையில் அவையும் அசையாது.

நம் இலக்கு ஓர் அசையாப் படம், தலை திரும்புவதில்லை. அப்படியானால் மூன்று விநாடி முழுவதும் மேல்பற்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் மூலத்தின் வாயை வெட்டி, உதட்டுப் புள்ளிகளுக்கேற்ப வளைத்து ஒட்டினால் என்ன ஆகும்? கடைவாய் விரியும்போது பல்லும் அகலமாகும், உதடு குவியும்போது பல்லும் சுருங்கும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பல் நீரில் மிதப்பதாகத் தோன்றும். எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையில் கெட்டுப்போன வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால் கெட்டவை.

எனவே மூல வீடியோவில் பல் மிக அதிகமாகவும் தெளிவாகவும் தெரியும் ஒரே ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் பல் தட்டு. எல்லா ஃபிரேம்களுக்கும் அந்த ஒரே தட்டு, உதடுகளுக்குக் கீழ் லேயராகக் கிடக்கும். அதை இலக்கின் மேல் பொருத்த உதட்டுப் புள்ளிகளைத் தொடாதீர்கள். கண்ணோரங்களையும் மூக்குத் தண்டையும் மட்டும் எடுங்கள். மீடியாபைப் தரும் 468 முகப் புள்ளிகளில் இவை சிரிப்பால் அதிகம் பாதிக்கப்படாதவை:

```python
anchor = [33, 133, 362, 263, 168, 6]
M, _ = cv2.estimateAffinePartial2D(
    np.float32(src[anchor]),
    np.float32(tgt[anchor]))
scale = np.hypot(M[0, 0], M[1, 0])
teeth = cv2.warpAffine(plate, M, (w, h))
```

`scale` கருவிழிக் கணக்கில் வந்த 0.615க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் தம்பிக்குக்கூடக் கண்களின் இடைவெளி ஒன்றாக இருப்பதில்லை. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று நான்குக்கு மேல் போனால் கருவிழியை நம்புங்கள். சுழற்சியை மட்டும் இந்த அணியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி உயரம். மூக்கடியிலிருந்து உதடு வரையுள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் கண்ணையும் மூக்கையும் வைத்துப் பொருத்திய பல் மேலும் கீழுமாகப் பிசகியிருக்கும். அதைச் சரிசெய்ய உடற்கூற்றில் ஒரு குறிப்பு இருக்கிறது. வாய் தளர்வாக மூடியிருக்கும்போது மேல் முன்பல்லின் நுனி, உதடுகள் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, கீழுதட்டின் பின்னால் மறைந்திருக்கும். இளையவர்களுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே. வயதாக ஆக மேலுதடு தொய்ந்து இறங்குவதால் அந்தத் தூரம் குறையும். அண்ணன் படத்தில் நடுவயதுக்காரர். ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது 3 பிக்சல் என்று வைத்தோம்.

இப்போது கணக்கு தானாகவே நேராகிறது. தம்பியின் சிரிப்பில் மேலுதடு 7 மில்லிமீட்டர் ஏறுகிறது, கீழுதடு 2 மில்லிமீட்டர் இறங்குகிறது. இலக்கில் அது 14 பிக்சலும் 4 பிக்சலும். பல்லின் நுனி சேர்க்கைக் கோட்டுக்கு 3 பிக்சல் கீழே இருப்பதால், தெரியும் பல் நீளம் 17 பிக்சல். அதற்கும் கீழுதட்டுக்கும் நடுவே ஒரு பிக்சல் இருட்டுக் கோடு. எட்டரை மில்லிமீட்டர் பல் தெரிகிறது, மொத்த நீளம் 10. ஆகவே ஈறு தெரியாது, கீழ்ப்பல்லும் தெரியாது. வரைய வேண்டியவை பாதியாகக் குறைந்துவிட்டன. தம்பியின் வீடியோவில் ஈறு தெரிந்தாலும் அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

உதடுகளைப் பிரிப்பது

மூடிய வாயில் மீடியாபைப்பின் 13ஆம் புள்ளியும் 14ஆம் புள்ளியும் ஏறத்தாழ ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். சில படங்களில் 14 மேலேயும் 13 கீழேயும் இடம் மாறிக் கிடக்கும். அப்படியே வளைத்தால் மேலுதட்டின் ஓரத்தில் கீழுதட்டு நிறம் பல்வரிசைபோல் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளுதட்டுப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் 3 பிக்சல் தேடி, மிக இருண்ட பிக்சலைக் கண்டுபிடித்து, மேல் கீழ் இரண்டு புள்ளிகளையும் அங்கே பதியுங்கள். உதடுகள் சேரும் கோடுதான் அந்தப் பகுதியில் மிக இருண்டது. பிறகு மேலுதடும் கீழுதடும் தனித்தனி முக்கோண வலையாக இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் முக்கோணம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த முக்கோணங்கள்தான் முதலில் சொன்ன சிவப்புப் படலத்தை உண்டாக்குபவை.

பிரித்தபின் உதடு காகிதத்தை வெட்டியதுபோல் தெரியும். காரணம், வாய் மூடியிருக்கும்போது உதட்டின் ஈரமான உள்விளிம்பு மறைந்திருக்கிறது. அது படத்தில் இல்லை. மேலுதட்டின் கீழ் ஓரத்திலும் கீழுதட்டின் மேல் ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர், இந்தப் படத்தில் 2 பிக்சல், அளவுக்கு ஒரு பட்டை சேருங்கள். நிறத்தை இலக்கின் உதட்டிலிருந்தே எடுத்து ஐந்தில் ஒரு பங்கு இருட்டாக்கி, கொஞ்சம் சிவப்பு கூட்டினால் போதும். கீழுதட்டின் பட்டையில் மட்டும் ஈரத்தின் மினுக்கை ஓரிரு இடங்களில் வையுங்கள். மேலுதட்டின் விளிம்பு கீழ்நோக்கியிருப்பதால் அதில் வெளிச்சம் படாது.

பல்லின் நிறம், வாயின் இருட்டு

ஒட்டுவதற்கு `cv2.seamlessClone` கைக்கு வந்து நிற்கும். 2003இல் பெரெஸ், கங்னே, பிளேக் மூவரும் வெளியிட்ட பாய்சான் முறை அது. தோலை ஒட்ட அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வாய்க்குள் மட்டும் அதை விடாதீர்கள். அந்த முறை எல்லைக் கோட்டின் நிறத்தை உள்ளே பரப்பிச் சமன் செய்கிறது. இங்கே எல்லைக் கோடு உதடு. விளைவு: இளஞ்சிவப்புப் பல். நிறத்தைத் தனியாகச் சரிசெய்துவிட்டு, சாதாரண மாஸ்க் வைத்து ஒட்டுவதுதான் வழி:

```python
inner = [78, 191, 80, 81, 82, 13, 312, 311, 310, 415,
         308, 324, 318, 402, 317, 14, 87, 178, 88, 95]
m = np.zeros((h, w), np.float32)
cv2.fillPoly(m, [np.int32(pts[inner])], 1.0)
m = cv2.GaussianBlur(m, (0, 0), 1.0)[..., None]
out = face * (1 - m) + mouth * m
```

`pts` என்பது உதடுகள் நகர்ந்தபின் உள்ள புள்ளிகள். `mouth` என்பது பல்லும் இருட்டும் சேர்ந்த உள்வாய் லேயர்.

நிறத்துக்குத் தோலை இடைத்தரகராக வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் கன்னத்தில் லேப் நிறவெளியின் ஒளிர்வு 62, அண்ணனின் கன்னத்தில் 50. விகிதம் 0.81. தம்பியின் பல் ஒளிர்வு 80 என்றால் அண்ணனுக்கு 65. திரையில் தனியாகப் பார்த்தால் இது மங்கலாக, மஞ்சளாகத் தோன்றும். கை தானாக வெளிச்சத்தைக் கூட்டப் போகும். முகத்தோடு சேர்த்துப் பார்த்தால் சரியாக இருக்கும். சந்தேகம் வந்தால் இலக்கின் கண்வெள்ளையோடு ஒப்பிடுங்கள். பல் அதைவிடப் பளிச்சென்று இருந்தால் பற்பசை விளம்பரம்தான். தம்பியின் தோல் நிறம் அண்ணனைவிட மாறுபட்டால் இந்த விகிதம் ஏமாற்றும். அப்போது இரு படங்களிலும் கண்வெள்ளையை அளந்து அந்த விகிதத்தைப் பயன்படுத்துங்கள்.

பல்வரிசை வட்டமாகப் பின்னோக்கிப் போகிறது. முன்னால் நின்று பார்க்கும்போது பக்கப் பற்கள் ஒடுங்கித் தெரியும், வெளிச்சமும் குறையும். நடுப்பல்லில் முழு வெளிச்சம் என்றால் கோரைப்பல்லுக்குச் சற்றுக் குறைவு; அது இயல்பிலேயே மற்ற முன்பற்களைவிட மஞ்சள் கூடியது. அதற்கு அடுத்த பற்களில் பாதிக்கும் கீழே கொண்டுபோங்கள். கடைவாயை ஒட்டிப் பல்லே தெரியாத ஓர் இருட்டு முக்கோணம் இருபுறமும் வேண்டும். ஓரம் வரை பல்லை நிரப்பினால் வாய் தட்டையாகிவிடும். மேலுதட்டின் நிழலும் பல்லில் விழ வேண்டும்: மேலிருந்து 4 பிக்சல் வரை, ஐந்தில் ஒரு பங்கு இருட்டில் தொடங்கி மெல்லக் கரைந்து போகட்டும். இந்த நிழல் மட்டும் பல்லோடு ஒட்டியதல்ல, உதட்டோடு நகர்வது. ஆகவே பல் தட்டில் வரைந்து வைக்காமல் ஒவ்வொரு ஃபிரேமிலும் `pts`இலிருந்து கணக்கிடுங்கள். பல்லுக்குப் பின்னால் உள்ள இருட்டு கறுப்பு அல்ல; சிவப்பு 45, பச்சை 20, நீலம் 18 போன்ற செம்பழுப்பு.

கடைசியாகக் கூர்மை. கைப்பேசி வீடியோவின் பல் பழைய ஸ்கேனின் மேல் வெட்டித் தெரியும். அண்ணனின் இமைமயிர் எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்குப் பல்லையும் மங்கலாக்குங்கள். பின்புலத்தின் சமதளமான ஒரு துண்டிலிருந்து படத்தின் துகளை எடுத்துப் பல்லின் மேல் தூவுங்கள்.

யாருடைய பல்?

தம்பியின் பல்லை வைத்தால் அது தம்பியின் பல்தான். குடும்பத்தார் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். வேலையைத் தொடங்குமுன் இலக்கு நபர் வாய் திறந்திருக்கும் ஏதாவது ஒரு படத்தைக் கேளுங்கள். எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி. நம் எடுத்துக்காட்டில் கல்யாணக் கூட்டுப் படம் ஒன்று கிடைக்கிறது. முகம் கட்டைவிரல் நகத்தளவு, அதிலிருந்து பல்லை எடுக்க முடியாது. ஆனால் நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து இருப்பது தெரிகிறது. அது போதும். தம்பியின் பல் தட்டை நடுக்கோட்டில் பிளந்து, இரு பாதிகளையும் ஒன்றரைப் பிக்சல் வெளியே தள்ளி, இடையில் செம்பழுப்பை நிரப்பினால் அது அண்ணனின் வாயாகிறது. படம் இல்லாவிட்டால் வாயால் கேளுங்கள்: வெற்றிலைக் கறை உண்டா, பல் விழுந்திருந்ததா, ஏறுபல் எந்தப் பக்கம்? சிரித்தால் பல் தெரியாதவராகவே அவர் வாழ்ந்திருந்தால் அதைச் சொல்லவைத்து, மூடிய வாய்ப் புன்னகையோடு நிறுத்துங்கள். இந்த அத்தியாயமே தேவையில்லை. செய்து கொடுக்கும் வீடியோவின் ஓரத்தில் இது செயற்கையாக உருவாக்கியது என்று எழுதியும் கொடுங்கள்.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

முதல் சோதனை: முன்பல்லின் நுனியில் திரையின் மேல் ஒரு சிறு குறி வைத்து வீடியோவை ஓட்டுங்கள். குறியும் நுனியும் பிரியவே கூடாது.

இரண்டாவது, உதடு திறக்கத் தொடங்கும் ஃபிரேம்கள். இடைவெளி ஓரிரு பிக்சலாக இருக்கும்போது மாஸ்கின் மங்கிய ஓரம் வழியாகப் பல் கசிந்து, உதட்டுக்கு நடுவே வெள்ளைக் கோடு மின்னும். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும் வரை இருட்டை மட்டும் காட்டுங்கள். அது மூன்று மில்லிமீட்டர் ஆகும் வரை பல்லை மெல்ல வரவிடுங்கள். மூடும்போதும் அதே கணக்குத் தலைகீழாக. உதட்டுப் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுங்கினால் பல்லின் ஓரமும் நடுங்கும்; வளைப்பதற்கு முன்பே புள்ளிகளின் பாதையைக் காலவாக்கில் சமன்செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, நடுக்கோடு. மேல் முன்பற்கள் சேரும் கோடு மூக்கடிப் பள்ளத்துக்கு நேர்கீழே இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகலைக் கண் மன்னிக்கும். முகம் லேசாகத் திரும்பிய படத்தில் தப்பான பக்கம் திரும்பிய மூலத்தை எடுத்திருந்தால் விலகல் அதற்கும் மேல் போகும். மூலத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். இருவர் திருப்பத்திலும் பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்தத் தட்டையான தட்டு உதவாது, பல்வரிசைக்கு முப்பரிமாண வடிவம் வேண்டும். தாடை இறங்கும் பெருஞ்சிரிப்புக்கும் அப்படியே: கீழ்வரிசையும் நாக்கும் வெவ்வேறு ஆழத்தில் தனித்தனியாக நகர வேண்டியிருக்கும்.

பயிற்சி பெற்ற நரம்பு வலைகள் இவ்வளவையும் ஒரே அடியில் செய்து தருமே என்று கேட்கலாம். 2019இல் வந்த ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன் மாடல் போன்றவை வாயைத் திறந்து பல்லையும் ஊகித்து வரைந்துவிடும். ஆனால் அதன் முகப் பயிற்சி 256க்கு 256 பிக்சலில். அந்தச் சதுரத்தில் முகம் 150 பிக்சல் அகலம் என்றால் ஒரு முன்பல்லுக்குக் கிடைப்பது சுமார் 9 பிக்சல். அதில் பற்களைப் பிரிக்கும் கோடுகள் கரைந்து ஒரே வெள்ளைப் பட்டையாகும். பெரிதாக்கினால் இன்னும் மோசம். கன்னத்துக்கும் கண்ணுக்கும் அந்த வலையின் விடையை எடுத்துக்கொண்டு, உள்வாயை மட்டும் மேலே சொன்ன தட்டால் மாற்றுவது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: வலை தலையையும் லேசாக ஆட்டியிருக்கும். அப்போது பல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் கண்ணோரப் புள்ளிகளிலிருந்து `M`ஐப் புதிதாகக் கணக்கிட்டுத் தலையோடு நகர்த்த வேண்டும்.

மீசை தனிக் கதை. மேலுதட்டை மறைக்கும் அடர்ந்த மீசை உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கோட்டைத் தேடும் முறை மயிரின் நிழலைப் பிடித்துக்கொள்ளும்; கோட்டைக் கையால் வரையுங்கள். உதடு ஏறும்போது மீசையின் கீழ்மயிர்கள் பல்லின் மேல் தொங்கும் என்பதால், மீசையின் ஓரத்தை மாஸ்கால் நேராக வெட்டாமல், மயிர்களைத் தனி லேயராகப் பிரித்துப் பல்லுக்கு மேலே வைக்க வேண்டும். அண்ணன் மழித்த முகத்தோடு ஸ்டுடியோவுக்குப் போயிருந்ததால் நம் எடுத்துக்காட்டில் அந்த வேலை வரவில்லை. அடுத்த அத்தியாயத்தில் தாடியோடு சேர்த்து அதைப் பார்ப்போம்.